மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் எத்தனை கிலோமீட்டர்? வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கண்டுபிடிக்கும் முழு வழி

போன மழைக்காலத்தில் அக்கா மகன் கோத்தகிரி வீட்டுக்கு வந்திருந்தான். பத்தாம் வகுப்பு. வெளியே போக முடியாத அளவுக்கு மழை. என்னிடமிருந்த டோப்போஷீட்டை, அதாவது நில அளவைத் துறையின் வரைபடத் தாளை, தரையில் விரித்துப் போட்டு, மேட்டுப்பாளையம் ஸ்டேஷனிலிருந்து குன்னூர் ஸ்டேஷன் வரை ஸ்கேல் வைத்து அளந்தான். 32.4 சென்டிமீட்டர். கணக்குப் போட்டான். 16.2 கிலோமீட்டர் வந்தது.

"மாமா, மலை ரயில்ல 28 கிலோமீட்டர்னு போட்டிருக்கே. 12 கிலோமீட்டர் எங்க போச்சு?"

நான் பதில் சொல்வதற்குள் அவனே காரணமும் சொன்னான்: "மலை ஏறுதுல்ல, அதான்."

இந்தக் காரணத்தைப் பெரியவர்களும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது தவறு. மலை ஏறுவதால் கூடுவது அந்த 12 கிலோமீட்டரில் 35 மீட்டர்தான். மீதி எங்கே போனது என்பதை அன்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்து நூலும் பென்சிலுமாகத் தேடினோம். அதையே படிப்படியாக இங்கே எழுதுகிறேன். எந்த வரைபடத்துக்கும் இதே முறைதான், ஆனால் ஒரே பாதையை முழுக்க அளந்து பார்த்தால்தான் எங்கே பிசகும் என்று தெரியும்.

ஒரு சின்ன விஷயம். நம் பேச்சில் அளக்கும் குச்சியும் 'ஸ்கேல்', வரைபடத்தில் அச்சிட்டிருக்கும் விகிதமும் 'ஸ்கேல்'. இந்தக் கட்டுரையில் ஸ்கேல் என்றால் கையில் பிடிக்கும் குச்சி மட்டும். விகிதத்தை 'அளவை' என்றே சொல்கிறேன்.

என்ன வரைபடம், என்ன சாமான்

நாங்கள் எடுத்தது இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள். பழைய எண்முறையில் 58 ஏ/15. இந்த வரிசையில் ஒவ்வொரு தாளும் அட்சரேகையில் 15 நிமிடம், தீர்க்கரேகையில் 15 நிமிடம் அளவுள்ள நிலத்தைக் காட்டும். 58 ஏ/15 என்பது கிழக்கே 76° 45' முதல் 77° வரை, வடக்கே 11° 15' முதல் 11° 30' வரை. குன்னூர், கோத்தகிரி, மேட்டுப்பாளையம் மூன்றும் இந்த ஒரே தாளுக்குள் வந்துவிடுகின்றன. ஊட்டி 76° 45'-க்கு மேற்கே இருப்பதால் பக்கத்துத் தாளுக்குப் போய்விடும். இரண்டு தாளை ஒட்டவைத்து அளப்பது புதிதாகக் கற்றுக்கொள்பவருக்குத் தொல்லை, அதனால்தான் குன்னூரோடு நிறுத்திக்கொண்டோம்.

சாமான் அதிகமில்லை. 30 சென்டிமீட்டர் ஸ்கேல், கூர்மையாகச் சீவிய பென்சில், ஒரு நோட்டுத் தாளின் நேரான ஓரம், பருத்தித் தையல் நூல் இரண்டு முழம். நைலான் நூல் வேண்டாம், இழுத்தால் நீண்டுவிடும். கம்பளி நூல் அதைவிட மோசம்.

அளவை என்ன சொல்கிறது

1:50,000 என்றால் தாளில் 1 இருந்தால் நிலத்தில் 50,000 இருக்கிறது. எந்த அலகாக இருந்தாலும் சரி. தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் நிலத்தில் 50,000 சென்டிமீட்டர். தாளில் ஒரு விரற்கடை என்றால் நிலத்தில் 50,000 விரற்கடை. அலகு இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கும், அதனால்தான் விகிதத்தில் அலகு எழுதுவதில்லை.

பிள்ளைகள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். பெருக்கல் சரியாக இருக்கும், கடைசியில் வந்த எண் சென்டிமீட்டர் என்பதை மறந்து மீட்டராக நினைத்துவிடுவார்கள். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. அளவையின் வலப்பக்க எண்ணில் கடைசி இரண்டு பூஜ்யத்தை அடித்தால், ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை மீட்டர் என்று கிடைக்கும். 100 சென்டிமீட்டர் ஒரு மீட்டர் என்பதால் இரண்டு பூஜ்யம். ஐந்து இலக்கம் பின்னுக்குத் தள்ளிப் புள்ளி வைத்தால் ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். ஒரு கிலோமீட்டரில் 1,00,000 சென்டிமீட்டர் இருப்பதால் ஐந்து இலக்கம்.

50,000-இல் இரண்டு பூஜ்யம் போனால் 500. ஆக 1 சென்டிமீட்டர் என்பது 500 மீட்டர், 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர், 1 மில்லிமீட்டர் 50 மீட்டர். இந்தத் தாளில் வேலை செய்யும்போது பெருக்கவே வேண்டாம். சென்டிமீட்டரைப் பாதியாக்கினால் கிலோமீட்டர். 1:2,50,000 தாளில் 1 சென்டிமீட்டர் 2,500 மீட்டர், அதாவது இரண்டரை கிலோமீட்டர்.

நீலகிரியில் சில வீடுகளிலும் எஸ்டேட் ஆபீஸ்களிலும் இன்னும் பழைய அங்குலத் தாள்கள் மாட்டியிருக்கும். அவற்றின் அளவை 1:63,360. கேட்க விசித்திரமான எண், ஆனால் ஒரு மைலில் சரியாக 63,360 அங்குலம் இருக்கிறது. அந்தத் தாளில் ஒரு அங்குலம் ஒரு மைல். சென்டிமீட்டர் ஸ்கேலால் அளந்தால் 1 சென்டிமீட்டருக்கு 633.6 மீட்டர். புதிய தாளின் பழக்கத்தில் அதையும் பாதியாக்கினால், நம் 16.2 கிலோமீட்டர் 12.8 ஆகச் சுருங்கிவிடும். அதனால் அளப்பதற்கு முன் அளவையை வாய்விட்டுப் படித்துவிடுங்கள்.

தாளை நம்பலாமா என்று முதலில் பாருங்கள்

இதுதான் பலரும் தாண்டிப் போகும் படி. நானும் ஒருமுறை தாண்டிப் போனேன். நண்பர்களோடு ஒரு நடைக்குப் போவதற்காக டோப்போஷீட்டை ஜெராக்ஸ் எடுத்தேன். தாளில் 1:50,000 என்று தெளிவாக இருந்தது. அளந்ததில் 9 கிலோமீட்டர் வந்தது. நடந்தால் ஒன்பதையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. இருட்டும் நேரத்தில் காட்டு ஓரத்தில், காட்டெருமைகள் மேயும் இடத்தில், கையில் ஒரே டார்ச்சோடு நாலு பேர். அன்று கூட வந்தவர்களிடம் சொன்ன வார்த்தை பொய்யாகிவிட்டது என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

காரணம் எளியது. 1:50,000 முழுத்தாளின் உயரம் அரை மீட்டரையும் தாண்டும். கடையில் இருக்கும் ஏ3 தாள் நீளவாக்கில் 42 சென்டிமீட்டர்தான். உள்ளே அடங்குவதற்காகக் கடைக்காரர் சுருக்கி எடுத்துவிட்டார். படம் சுருங்கியது, ஆனால் மூலையில் இருந்த '1:50,000' என்ற எழுத்து அப்படியே இருந்தது. எழுத்துக்குச் சுருங்கத் தெரியாதே. பிடிஎஃப் கோப்பிலிருந்து அச்சிடும்போதும் இதே கதைதான். அச்சுப் பெட்டியில் `Fit` என்று இருந்தால் படம் தாளுக்குத் தக்கபடி சுருங்கும். `Actual size` என்று இருந்தால்தான் அளவை நிற்கும். கைபேசித் திரையில் விரலால் பெரிதாக்கிப் பார்க்கும் படத்துக்கு அச்சிட்ட விகிதம் பொருந்தவே பொருந்தாது.

சரிபார்க்க இரண்டு வழி இருக்கின்றன. தாளின் அடியில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ஒரு கோட்டளவு இருக்கும். படத்தோடு சேர்ந்து அதுவும் சுருங்கும், அதனால் அது பொய் சொல்லாது. ஸ்கேலை அதன்மேல் வையுங்கள். 1:50,000 தாளில் ஒரு கிலோமீட்டர் கட்டம் 2 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் தாள் சுருக்கப்பட்டது.

கோட்டளவு வெட்டுப்பட்டுப் போயிருந்தால் இரண்டாவது வழி, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். தாளின் இடது, வலது ஓரங்களில் அட்சரேகைக் குறிகள் இருக்கும். நம் ஊர் அட்சரேகையில், அதாவது 11 டிகிரியை ஒட்டிய பகுதியில், வடக்கு தெற்காக ஒரு டிகிரி என்பது நிலத்தில் 110.6 கிலோமீட்டர். 5 நிமிடம் அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு, 9.22 கிலோமீட்டர். 1:50,000 தாளில் அது 18.4 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். முழுத்தாளின் 15 நிமிடமும் 55.3 சென்டிமீட்டர்.

நான் எடுத்துப் போன அந்த ஜெராக்ஸ் தாளை வீட்டுக்கு வந்தபிறகு இப்படி அளந்தேன். 5 நிமிட இடைவெளி 13.1 சென்டிமீட்டர்தான் இருந்தது. 9,22,000 சென்டிமீட்டரை 13.1-ஆல் வகுத்தால் 70,400 வருகிறது. என் கையில் இருந்தது 1:50,000 தாள் அல்ல, 1:70,400 தாள். 9 கிலோமீட்டர் என்று நான் சொன்னது உண்மையில் 12.7 கிலோமீட்டர்.

இந்தச் சோதனையைக் கிழக்கு மேற்கு ஓரத்தில் செய்யாதீர்கள். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால் அங்கே ஒரு டிகிரி சற்றுக் குறைவு, நம் அட்சரேகையில் சுமார் 109.1 கிலோமீட்டர். அதே 15 நிமிடம் 54.6 சென்டிமீட்டர்தான் வரும். தாள் சதுரமாக இல்லையே என்று பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று. ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மழைக்காலத்தில் தாள் ஈரம் வாங்கி லேசாக நீளும். 55.3 இருக்க வேண்டியது 55.5 இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். நூற்றுக்கு அரைப் பங்கைத் தாண்டினால் மட்டும் அளவையைத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஸ்கேலால் அளப்பது

தாளை நன்றாக விரித்து, மடிப்புக் கோடுகளைக் கையால் நீவிவிடுங்கள். மடிப்பு மேலெழும்பி நின்றால் அதில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போய்விடும். ஒரு மில்லிமீட்டர் 50 மீட்டர் என்பது நினைவிருக்கட்டும்.

எங்கிருந்து எங்கே என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். 'மேட்டுப்பாளையம்' என்று அச்சிட்ட எழுத்தின் முதல் எழுத்திலிருந்து அளப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுத்து, தாளில் காலியிடம் இருக்கும் பக்கம் அச்சிடப்படும், ஊர் அங்கே இல்லை. ரயில் பாதை மேல் ஸ்டேஷனுக்கான குறி இருக்கும். அதன் நடுவில் பென்சிலால் மெல்லிய புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். குன்னூரிலும் அப்படியே.

ஸ்கேலின் விளிம்பில் தேய்மானம் இருக்கும், பூஜ்யக் கோடு சரியாக விளிம்பில் இருக்காது. அதனால் நான் எப்போதும் 1 சென்டிமீட்டர் கோட்டிலிருந்து ஆரம்பித்து, முடிவில் ஒன்றைக் கழித்துவிடுவேன். கண் நேராக மேலிருந்து பார்க்க வேண்டும். சாய்ந்து பார்த்தால் ஒரு மில்லிமீட்டர் தள்ளித் தெரியும்.

எங்கள் அளவு 30 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது. அப்போது ஸ்கேலை நகர்த்தி ஒட்ட வைக்காதீர்கள், கோணம் பிசகும். நோட்டுத் தாளை ஓரம் நேராக மடித்து இரண்டு புள்ளிகளையும் தொடும்படி வைத்து, ஓரத்தில் இரண்டு கோடு கிழித்து, அப்புறம் அந்தத் தாள் ஓரத்தை ஸ்கேலால் இரண்டு துண்டாக அளந்தோம். 20 சென்டிமீட்டர், 12.4 சென்டிமீட்டர். கூட்டினால் 32.4.

32.4 × 50,000 = 16,20,000 சென்டிமீட்டர். ஐந்து இலக்கம் பின்னுக்குப் போனால் 16.2 கிலோமீட்டர். பாதியாக்கிப் பார்த்தாலும் 16.2.

இந்த எண் சரிதான். மேட்டுப்பாளையம் ஸ்டேஷனுக்கு நேர் மேலே இருந்து குன்னூர் ஸ்டேஷனுக்கு நேர் மேலே ஒரு பறவை நேராகப் பறந்தால் ஆகும் தூரம் அது. தண்டவாளத்தின் நீளம் அல்ல. ஸ்கேலிடம் நாம் கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்லிவிட்டது. மீதி கேள்வி வேறு.

வளைவை அளப்பது

மலை ரயில் பாதை மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை சமவெளியில் 8 கிலோமீட்டர் போகிறது. அங்கிருந்துதான் பல்சக்கரம் ஆரம்பம். அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி ரோடு வழியாகக் குன்னூர் 28-வது கிலோமீட்டர். கல்லாறிலிருந்து குன்னூருக்கு நேராகப் போனால் பாதையின் பாதியளவுதான் இருக்கும். ஆனால் பாதை ஒவ்வொரு ஓடைக்குள்ளும் நுழைந்து, ஒவ்வொரு மலைத்தோளையும் சுற்றி, 20 கிலோமீட்டர் எடுத்துக்கொள்கிறது.

முதலில் நூலை வைத்தோம். நூலை லேசாக ஈரப்படுத்தினால் தாளில் ஒட்டிக்கொண்டு நிற்கும். மேட்டுப்பாளையம் புள்ளியில் ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மற்ற கையால் ரயில் கோட்டின் மேலேயே கொஞ்சம் கொஞ்சமாக நூலைப் படியவைத்துக்கொண்டு போக வேண்டும். பையன் அவசரமாகச் செய்தான். நூலை எடுத்து நீட்டி அளந்தால் 51.5 சென்டிமீட்டர், பாதியாக்கினால் 25.75 கிலோமீட்டர். 16.2-இலிருந்து ஒரே தாவல்! ஆனாலும் 28-க்கு இரண்டே கால் கிலோமீட்டர் குறைகிறது.

நூல் வைத்து அளந்தால் எப்போதும் குறைவாகத்தான் வரும், கூடுதலாக வருவது அரிது. இதன் காரணம் புரிந்தால் எத்தனை நுணுக்கமாக அளக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். விரல் ஒரு வளைவை உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகிறது. வளைவுக்குப் பதில் நாணை அளக்கிறோம். ஒரு அரைவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஆரம் 1 சென்டிமீட்டர். அதன் உண்மையான நீளம் 3.14 சென்டிமீட்டர். முனைக்கு முனை நேராக அளந்தால் 2. நடுவில் ஒரு புள்ளி வைத்து இரண்டு நேர்கோடாக அளந்தால் 2.83. நான்கு நேர்கோடாக அளந்தால் 3.06. நான்கே துண்டில் நூற்றுக்கு இரண்டரைதான் பிழை. ஆக, ஒரு வளைவுக்கு நான்கு துண்டு போதும். அதற்கு மேல் போனால் உழைப்புக்குத் தக்க பலன் இல்லை.

இதற்கு நூலைவிடத் தாள் ஓரம் நல்லது. நோட்டுத் தாளின் நேரான ஓரத்தைப் பாதையின் தொடக்கத்தில் வையுங்கள். பாதை ஓரத்தை விட்டு விலகும் இடத்தில் பென்சில் முனையை ஊன்றி, அதையே அச்சாக வைத்துத் தாளைச் சுழற்றுங்கள், ஓரம் மறுபடி பாதையின் மேல் படியும் வரை. மறுபடி விலகும் இடம், மறுபடி ஊன்றல், மறுபடி சுழற்றல். வழியில் வரும் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஓரத்தில் ஒரு கோடு கிழித்துக்கொண்டே போங்கள். தாள் தீர்ந்தால் இரண்டாவது தாள்.

ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கோடு கிழிப்பது ஏன் என்றால், பிழை எங்கே நடந்தது என்பது அப்போதுதான் தெரியும். மொத்தமாக அளந்து குறைந்தால் முழுவதையும் திரும்ப அளக்க வேண்டியிருக்கும். எங்களுக்குக் கல்லாறு வரை 15.9 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் வந்துவிட்டது. அங்கே பாதை அதிகம் வளைவதில்லை. குறைந்ததெல்லாம் மேலேதான். மொத்தம் 54.6 சென்டிமீட்டர், 27.3 கிலோமீட்டர்.

மீதி 700 மீட்டர் நம் கையில் இல்லை. வரைபடத்தில் ரயில் கோடே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அகலம். நிலத்தில் அது 25 மீட்டர். அதைவிடச் சின்ன நெளிவுகளை வரைபவர் காட்டவே முடியாது, நேராக்கித்தான் வரைந்திருப்பார். தாளில் இல்லாததை எந்த நூலாலும் அளக்க முடியாது.

ஏற்றம் எவ்வளவு கூட்டுகிறது

இப்போது பையன் சொன்ன காரணத்துக்கு வருவோம். வரைபடம் நிலத்தை மேலிருந்து தட்டையாகப் பார்க்கிறது. அதனால் சரிவில் ஏறும் கூடுதல் நீளம் அதில் தெரியாது. இது உண்மை. ஆனால் எவ்வளவு?

மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர். குன்னூர் 1,700 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். ஏற்றம் ஏறத்தாழ 1.39 கிலோமீட்டர். தட்டையான தூரம் 28. இரண்டும் செங்கோணத்தில் நிற்கும் இரண்டு பக்கங்கள், பாதை அதன் கர்ணம். பிதாகரஸ் தேற்றத்தைப் போடுங்கள்:

28 × 28 = 784
1.39 × 1.39 = 1.93
கூட்டல் 785.93, அதன் வர்க்கமூலம் 28.034

28 கிலோமீட்டருக்கு 34, 35 மீட்டர்தான் கூடுகிறது. பையனால் நம்பவே முடியவில்லை, மூன்று முறை கணக்குப் போட்டான். இந்தப் பாதையின் மிகக் கடுமையான சரிவு 12-க்கு 1. ஆசியாவிலேயே செங்குத்தான ரயில் பாதைகளில் இது ஒன்று என்று சொல்வார்கள். அந்தச் சரிவிலும் ஒரு கிலோமீட்டருக்கு மூன்றரை மீட்டர்தான் கூடும்.

ஆக, காணாமல் போன 12 கிலோமீட்டர் முழுக்க வளைவில் இருக்கிறது. மறைமுகமாக மலைதான் காரணம் என்று சொல்லலாம். வண்டியால் நேராக ஏற முடியாததால்தான் பாதை சுற்றுகிறது. ஆனால் கணக்குப் போடும்போது வளைவை அளந்துவிட்டால் ஏற்றத்தை விட்டுவிடலாம். ரயில் பாதைக்கும் தார்ச்சாலைக்கும் இது பொருந்தும்.

ஒற்றையடிப் பாதைக்குப் பொருந்தாது. தேயிலைத் தோட்டத்தின் நடுவே கொழுந்து பறிப்பவர்கள் நேராக ஏறும் தடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தாளில் 1.2 சென்டிமீட்டர், அதாவது 600 மீட்டர். அதற்குள் 300 மீட்டர் ஏறுகிறது. கர்ணம் 671 மீட்டர். நூற்றுக்குப் பன்னிரண்டு கூடிவிட்டது. 45 டிகிரி சரிவில் நூற்றுக்கு நாற்பத்தொன்று கூடும். நான் வைத்திருக்கும் வரம்பு இது: 7 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும் சரிவு வரை கண்டுகொள்ள மாட்டேன், அங்கே நூற்றுக்கு ஒன்றுதான் கூடும். அதற்கு மேல் கணக்குப் போடுவேன். நடக்கும் நேரத்துக்கு வேறு கணக்கு வேண்டும், அதைத் தூரத்தோடு குழப்பக் கூடாது.

சின்ன அளவைப் படங்களும் அளவை இல்லாத படங்களும்

1:2,50,000 தாளிலோ மாவட்டப் படத்திலோ மலைப்பாதையை நூலால் அளந்து நம்பாதீர்கள். கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவின் மேல் சாலைக்கும் கீழ்ச் சாலைக்கும் இடையே 40 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1:50,000 தாளில் அது 0.8 மில்லிமீட்டர், எப்படியாவது வரைந்துவிடலாம். 1:2,50,000 தாளில் 0.16 மில்லிமீட்டர், பென்சில் கோட்டைவிட மெல்லியது. வரைபவர் நாலைந்து நெளிவு போட்டுக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அளவை சரியாகவே இருக்கும், பெருக்கல் சரியாகவே இருக்கும், பாதை மட்டும் பாதி மறைந்திருக்கும். அப்படிப்பட்ட படத்தில் நேர்க்கோட்டுத் தூரத்தை மட்டும் அளந்துகொண்டு, சாலைத் தூரத்தை மைல்கல்லிடம் கேட்பதே சரி.

லாட்ஜ் வரவேற்பறையிலும் சுற்றுலாக் கையேட்டிலும் இருக்கும் படங்களில் அளவையே இருக்காது. தெரிந்த ஒரு தூரத்தை வைத்து அளவையைக் கண்டுபிடிக்கலாம், ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது. உதாரணமாக, ஒரு படத்தில் மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே ஸ்கேல் 8.1 சென்டிமீட்டர் காட்டுகிறது. ரயில் தூரம் 28 என்று தெரியும் என்பதால் 28,00,000-ஐ 8.1-ஆல் வகுத்தால் அளவை சுமார் 1:3,46,000 என்று வரும். இது தவறு. ஸ்கேல் நேர்க்கோட்டை அளந்தது, 28 வளைந்த பாதை. நேர்க்கோட்டுத் தூரமான 16.2-ஐத்தான் போட வேண்டும்: 16,20,000 ÷ 8.1 = 2,00,000. அளவை 1:2,00,000. அப்புறம் அதே படத்தில் வேறு இரண்டு ஊர்களுக்கு இடையே ஒருமுறை சோதியுங்கள். இரண்டாவது அளவை ஒத்துவராவிட்டால் அது அளவைப்படி வரைந்த படமே அல்ல, வெறும் வழிகாட்டிப் படம். அதில் ஸ்கேல் வைத்துப் பயனில்லை.

அடுத்து நீங்கள் அளக்க ஒரு பாதை

அதே 58 ஏ/15 தாளில் மேட்டுப்பாளையம் – கோத்தகிரி சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஓர அட்சரேகைக் குறியில் 5 நிமிடம் 18.4 சென்டிமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ஊருக்கு ஊர் நேராக ஸ்கேல் 31 சென்டிமீட்டரை ஒட்டிக் காட்டும், அதாவது பதினைந்தரை கிலோமீட்டர். சாலை 33 கிலோமீட்டர், தாளில் 66 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். தாள் ஓரத்தைச் சுழற்றி அளக்கும்போது 62-க்கும் 65-க்கும் இடையில் வந்தால் கை நன்றாகப் பழகிவிட்டது. 58-க்குக் கீழே வந்தால் வளைவுகளை வெட்டியிருக்கிறீர்கள், மலை ஏற ஆரம்பிக்கும் இடத்திலிருந்து திரும்ப அளங்கள். 66-ஐத் தாண்டினால் ரயில் கோட்டிலோ ஏதாவது எஸ்டேட் சாலையிலோ தடம் மாறிப் போயிருப்பீர்கள்.

விடையை எழுதும்போது 31.85 கிலோமீட்டர் என்று எழுத வேண்டாம், "சுமார் 32" போதும். நூறு மீட்டர் என்பது தாளில் இரண்டே மில்லிமீட்டர். அறுபது சென்டிமீட்டர் நீளத்துக்குத் தாள் ஓரத்தைச் சுழற்றி வந்த கைக்கு அந்த இரண்டு மில்லிமீட்டர் எங்கே போனது என்று தெரியாது.